கடிதம் சேரும் முகவரி வேறு, இயந்திரம் நிற்கும் முகவரி வேறு

வணக்கம் ஐயா. பொட்டலம் கட்டும் சிறு ஆலை ஒன்றை நடத்துகிறேன். பழைய பொட்டல இயந்திரம் ஒன்றை வாங்குவதற்காக லண்டனில் பதிவான ஒரு நிறுவனத்துடன் இரண்டு மாதங்களாகப் பேசி வருகிறேன். நாற்பது சதவீதம் முன்பணம் கேட்கிறார்கள். அவர்களுடைய பதிவு முகவரி, ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றில் ‘Suite 2847’ என்று இருக்கிறது. இணையத்தில் தேடினால் அதே கட்டடத்தில் வேறு பல நிறுவனங்களும் வருகின்றன. “இது மெய்நிகர் அலுவலகம், ஏமாற்று வேலை, விட்டுவிடு” என்கிறார் நண்பர். விற்பவரோ, லண்டனில் எல்லாரும் இப்படித்தான் என்கிறார். நிறுவன எண்ணையும் அவர்கள் அனுப்பிய விலைப்பட்டியலையும் இணைத்திருக்கிறேன். யார் சொல்வதை நம்புவது?

— ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் நண்பர் சொன்னதில் முதல் பாதி சரி. அது மெய்நிகர் அலுவலகம்தான், அதாவது கடிதம் வாங்குவதற்காகக் கட்டணம் கட்டி எடுக்கும் முகவரி. இரண்டாம் பாதி அதிலிருந்து தானாக வந்துவிடாது. விற்பவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மை உங்கள் கேள்விக்குப் பதில் ஆகாது. முன்பணத்தை இன்னும் அனுப்பவில்லை என்று நினைக்கிறேன். இதைப் படித்து முடிக்கும் வரை அனுப்பாதீர்கள்.

பதிவு முகவரி என்பது சட்டம் கேட்கும் முகவரி. அரசின் கடிதமும் நீதிமன்ற அறிவிப்பும் எங்கே வந்தால் நிறுவனத்தின் கைக்குப் போய்ச் சேரும் என்பதுதான் அதன் பொருள். அங்கே வியாபாரம் நடக்க வேண்டும் என்றோ, ஒரு மேசை நாற்காலியாவது இருக்க வேண்டும் என்றோ பிரிட்டிஷ் சட்டம் கேட்பதில்லை. 2024 மார்ச் 4 முதல் அங்கே விதி கொஞ்சம் இறுகியது. அனுப்பும் ஆவணம் நிறுவனத்தின் சார்பில் செயல்படும் ஒருவரின் கவனத்துக்கு வர வேண்டும். கொடுத்ததற்கு ஒப்புகையும் பெற முடிய வேண்டும். வெறும் அஞ்சல் பெட்டி எண்ணைப் பதிவு முகவரியாக வைக்க முடியாது. கடிதத்தை வாங்கிக் கையெழுத்திட்டு ஸ்கேன் செய்து அனுப்பும் மெய்நிகர் அலுவலகம் இந்த விதிக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே ஆயிரம் நிறுவனங்கள் ஒரே கதவு எண்ணைக் காட்டுவது அங்கே குற்றம் அல்ல. அமெரிக்காவில் டெலவேர் மாநிலத்தின் வில்மிங்டன் நகரில், ஆரஞ்சு தெரு 1209 என்ற தாழ்வான கட்டடத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் பதிவாகியிருந்ததைச் செய்தித்தாள்கள் எழுதியிருக்கின்றன. உலகப் புகழ் பெற்ற நிறுவனங்களும் அந்தப் பட்டியலில் உண்டு.

அதனால் “இது மெய்நிகர் முகவரியா?” என்று மட்டும் கேட்டு நிறுத்தினால் பாதி வழியில் நின்றதாகும். “இந்த நிறுவனம் செய்வதாகச் சொல்லும் வேலை இந்த முகவரியில் நடக்க முடியுமா? முடியாது என்றால் அது எங்கே நடக்கிறது?” என்பது வரை போக வேண்டும். இரண்டு பேர் மடிக்கணினியில் மென்பொருள் எழுதுகிறார்கள் என்றால் கடிதம் வாங்கும் முகவரி ஒன்றே அவர்களுக்குப் போதும். பல டன் எடையுள்ள இயந்திரங்களை வாங்கி, சீர்செய்து, விற்கிறோம் என்கிறவருக்கு எங்கேயாவது ஒரு தரை வேண்டும்.

இனி உங்கள் நிறுவனத்துக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய எண்ணை வைத்து, பிரிட்டிஷ் நிறுவனப் பதிவகமான கம்பெனீஸ் ஹவுஸின் இணையதளத்தில் பார்த்தேன். இதற்குக் கட்டணம் கிடையாது, கணக்குத் தொடங்கவும் வேண்டாம். நீங்களும் என்னோடு கூடவே பார்த்துக்கொண்டு வாருங்கள்.

முதலில் அந்த 2847 என்ற எண். கட்டடத்துக்கு ஐந்து மாடிதான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ‘Suite 412’ என்றிருந்தால் நான்காம் மாடியில் பன்னிரண்டாம் அறை என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு. இருபத்தெட்டாம் மாடி இல்லாத கட்டடத்தில் 2847 என்பது பெரும்பாலும் அறை எண்ணாக இருக்காது. மெய்நிகர் அலுவலகம் நடத்துகிறவர்கள் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் வரிசையாக ஓர் எண் கொடுப்பதுண்டு. வந்து குவியும் கடிதங்களைப் பிரிப்பதற்கு அது உதவும். எண்ணின் அளவைப் பார்த்தாலே அந்த வீட்டில் எத்தனை பேர் ‘குடியிருக்கிறார்கள்’ என்று ஓரளவு ஊகிக்கலாம்.

ஊகத்தை உறுதிசெய்ய, அதே தளத்தில் ‘Advanced company search’ என்ற பக்கத்துக்குப் போங்கள். அதில் பதிவு முகவரிக்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. கட்டட எண்ணையும் தெருவையும் அல்லது அஞ்சல் குறியீட்டை மட்டும் அதில் இட்டுத் தேடினால், அங்கே பதிவான நிறுவனங்களின் எண்ணிக்கை மேலே வந்து நிற்கும். உங்கள் கட்டடத்துக்கு ஆயிரக்கணக்கில் வந்தது. எண்ணிக்கையை விட அந்தப் பட்டியலின் தன்மையை நான் அதிகம் கவனிப்பேன். கணக்காளர் ஒருவரின் அலுவலகம் என்றால் சில பத்து அல்லது சில நூறு நிறுவனங்கள் இருக்கும். அவை வெவ்வேறு ஆண்டுகளில் தொடங்கியவையாக இருக்கும், பாதிக்கு மேல் இன்னும் இயங்கிக்கொண்டிருக்கும். மெய்நிகர் முகவரியில் பெரும்பாலானவை அண்மைக் காலத்தில் தொடங்கியவையாக இருக்கும். கலைக்கப்பட்டவையும் ஏராளமாக இருக்கும். உங்களுடையது இரண்டாவது வகை.

பிறகு சாதாரணத் தேடுபொறியில், மேற்கோள் குறிக்குள் முகவரியை இட்டு இப்படித் தேடிப் பாருங்கள்:

```
"கட்டட எண் தெருப்பெயர்" "virtual office"
"கட்டட எண் தெருப்பெயர்" "registered office service"
"கட்டட எண் தெருப்பெயர்" "coworking"
```

முகவரிச் சேவை விற்பவர்கள் தங்கள் முகவரியை மறைப்பதில்லை. அந்த முகவரிதான் அவர்களுடைய சரக்கு. மாதக் கட்டணம், கடிதம் அனுப்பும் கட்டணம் எல்லாம் போட்டு விளம்பரம் செய்திருப்பார்கள். உங்கள் கட்டடத்தின் பெயர் முதல் பக்கத்திலேயே அப்படி ஒரு விளம்பரத்தில் வந்துவிட்டது. இதோடு அது மெய்நிகர் முகவரிதான் என்பது தீர்ந்தது.

(அமெரிக்க முகவரி என்றால் இன்னொரு வழி உண்டு. அங்கே பிறருக்காகக் கடிதம் வாங்கும் கடைகள் அஞ்சல் துறையிடம் தங்களைப் பதிவுசெய்ய வேண்டும். அஞ்சல் துறையின் தளத்தில் முகவரியை இட்டு அஞ்சல் குறியீட்டைத் தேடி, விடையை விரித்துப் பார்த்தால் ‘Commercial Mail Receiving Agency’ என்ற வரியில் Y அல்லது N என்று இருக்கும். Y என்றால் சந்தேகமே வேண்டாம். N என்றால் அதை மட்டும் வைத்து அது சொந்த அலுவலகம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.)

இந்த இடத்தில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். நானும் ஒரு காலத்தில் நின்றிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு மென்பொருள் நிறுவனத்தின் முகவரி பகிர்வு அலுவலகத்தில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, அதற்குக் கடன் தவணை தர வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். அவர்கள் நாணயமானவர்கள். வீட்டிலிருந்து வேலை செய்த இரண்டு பேர், தங்கள் வீட்டு முகவரி உலகத்துக்கெல்லாம் தெரிய வேண்டாம் என்று அந்த முகவரியை எடுத்திருந்தார்கள். என் அறிக்கையால் அவர்களுக்கு ஓர் ஒப்பந்தம் கைநழுவியது. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. அதனால்தான் முகவரியை மட்டும் வைத்து யாரையும் ஏமாற்றுக்காரர் என்று எழுத இப்போது என் கை வருவதில்லை.

ஆகவே அடுத்த படிக்குப் போவோம். நிறுவனத்தின் பக்கத்தில் ‘Filing history’ என்ற பகுதியைத் திறந்தால், தொடங்கிய நாள் முதல் அவர்கள் தாக்கல் செய்த எல்லாம் வரிசையாக இருக்கும். பதிவு முகவரியை மாற்றினால் ‘AD01’ என்ற படிவம் அங்கே பதிவாகும். உங்கள் நிறுவனம் தொடங்கிப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. அதற்குள் இரண்டு முறை முகவரி மாறியிருக்கிறது. முந்தைய இரண்டு முகவரிகளையும் அதே முறையில் தேடினேன். இரண்டும் முகவரிச் சேவைகள்தான். ஒரு முறை மாற்றுவது இயல்பு, மலிவான சேவை கிடைத்தால் மாறுவார்கள். தொடங்கியது முதல் எந்தக் காலத்திலும் சொந்தமாக ஓர் இடம் இருந்த தடயமே இல்லாதபோது, இயந்திர வியாபாரிக்கு அது பொருந்தவில்லை என்று குறித்துக்கொள்கிறேன். இயக்குநரின் தொடர்பு முகவரியும் அதே 2847தான். இதை மட்டும் வைத்துக் குறைசொல்ல மாட்டேன். இயக்குநர்கள் வீட்டு முகவரியைப் பொதுவில் காட்டாமலிருக்கச் சட்டமே வழி தருகிறது.

ஆண்டுக் கணக்கு எதுவும் தாக்கலாகவில்லை. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பிரிட்டனில் தனியார் நிறுவனம் முதல் கணக்கைத் தாக்கல் செய்ய, தொடங்கியதிலிருந்து இருபத்தொரு மாதம் வரை அவகாசம் உண்டு. ஆனால் இதை உங்கள் விலைப்பட்டியலோடு சேர்த்துப் படியுங்கள். தலைப்பிலேயே “இருபது ஆண்டு அனுபவம்” என்று அச்சிட்டிருக்கிறார்கள். இருபது ஆண்டாக இயந்திரம் விற்கும் நிறுவனத்துக்குப் பதிவகத்தில் பதினான்கு மாத வயது என்றால், அதற்கு முன் என்ன பெயரில், எந்த முகவரியில் விற்றார்கள்? இதற்கு நேர்மையான பதில் இருக்கலாம். ஒருவர் முன்பு வேறொரு நிறுவனத்தில் இருந்து, இப்போது தனியாகத் தொடங்கியிருக்கலாம். பதிலை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இன்னும் ஓர் அடையாளம் உண்டு. அது உங்கள் நிறுவனத்துக்கு இல்லை என்றாலும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு பதிவு முகவரி செல்லாது என்று கம்பெனீஸ் ஹவுஸ் முடிவுசெய்தால், அதை அகற்றிவிட்டு ‘Companies House Default Address’ என்று கார்டிஃப் நகரின் முகவரி ஒன்றைப் போட்டுவிடும். சரியான முகவரியைத் தர நிறுவனத்துக்கு இருபத்தெட்டு நாள் அவகாசம். தராவிட்டால் பதிவேட்டிலிருந்து நீக்கும் நடவடிக்கை தொடங்கலாம். யாரோ ஒருவரின் வீட்டு முகவரியைக் கேட்காமலே போட்டுவிட்டு, அந்த வீட்டுக்காரர் புகார் செய்யும்போதும் இப்படி நடக்கும். பகட்டான கட்டடத்தை விட, சாதாரணமாகத் தெரியும் வீட்டு முகவரி சில சமயம் ஆபத்தானது என்பதற்கு இது ஒரு காரணம். மெய்நிகர் அலுவலகத்தில் முகவரியைத் தந்தவர்கள் வாடிக்கையாளரின் அடையாளச் சான்றையாவது வாங்கியிருக்க வேண்டும். திருடிய முகவரியில் அதுவும் இல்லை. பதிவுப் பக்கத்தில் அந்த கார்டிஃப் முகவரியைப் பார்த்தால், விளக்கம் கேட்டு முடிக்கும் வரை ஒரு பைசாவும் அனுப்பாதீர்கள்.

இப்போது, “எங்களுக்கு அங்கே உண்மையான இடம் இருக்கிறது, அது பகிர்வு அலுவலகம்” என்று விற்பவர் சொல்லக்கூடும். அது நடக்கக்கூடியதுதான். ஒரே கட்டடத்தில் கீழ்த்தளம் கடிதம் வாங்கும் இடமாகவும், மேல்தளங்கள் பூட்டுள்ள அறைகளாகவும், நடுவில் பொதுமேசைகளாகவும் இருப்பது வழக்கம். எனவே இதைப் பிரித்தறிய வேண்டும். பலரும் நம்பும் மூன்று சான்றுகள் இங்கே செல்லாது. வரவேற்பறைப் பெயர்ப்பலகையில் நிறுவனத்தின் பெயர் இருப்பது சான்று அல்ல. பல இடங்களில் அதற்குத் தனிக் கட்டணம் கட்டினால் போதும். கூட்ட அறையில் நேரில் சந்திப்பதும் சான்று அல்ல. அறை மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும். பதிவுத் தபாலை வாங்கிக் கையெழுத்திட்டுத் தருவதும் சான்று அல்ல. அதைச் செய்வதுதான் வரவேற்பாளரின் வேலை.

தொலைபேசியைச் சரியாகப் பயன்படுத்தினால் பலன் உண்டு. மெய்நிகர் சேவையில் அழைப்பு வந்ததும் எந்த வாடிக்கையாளரின் எண் என்று வரவேற்பாளரின் திரையில் தெரியும். அந்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லியே வணக்கம் சொல்வார். அதனால் பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். அந்த இடத்தில் வேலை செய்பவருக்கு மட்டுமே தெரியக்கூடிய ஒன்றைக் கேளுங்கள். “இருபது கிலோ உதிரிபாகப் பெட்டி ஒன்று நாளை கூரியரில் வருகிறது, எந்த மாடியில், யாரிடம் கொடுக்கச் சொல்ல?” என்று கேட்கலாம். உள்ளே இருப்பவர் தயங்காமல் ஒரு பெயரையும் மாடியையும் சொல்வார், அல்லது அந்த நிறுவனத்தாரிடமே இணைப்பைக் கொடுப்பார். செய்தி வாங்கும் சேவை என்றால், “குறித்துக்கொள்கிறேன், அவர்களே அழைப்பார்கள்” என்பதைத் தாண்டிப் போகாது. ஒரு முறை அப்படி ஆனால் அதைப் பெரிதாக எடுக்காதீர்கள், மதிய உணவு நேரமாக இருக்கலாம். வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு நேரங்களில் மூன்று முறையும் அதே பதில் வந்தால் அங்கே அவர்கள் உட்காருவதில்லை என்று கொள்ளலாம். லண்டனின் அலுவலக நேரத்தைக் கணக்கிட்டு அழையுங்கள்.

ஆனால் உங்கள் விஷயத்தில் இதற்குக்கூட அவ்வளவு நேரம் செலவழிக்கத் தேவையில்லை. அவர்கள் அலுவலகத்தில் உட்கார்கிறார்களா என்பது உங்களுக்கு இரண்டாம் பட்சம். நீங்கள் வாங்குவது மேசையை அல்ல, இயந்திரத்தை. விலைப்பட்டியலை மறுபடி எடுத்துப் பாருங்கள். “இயந்திரம் எங்கள் கிடங்கில் தயாராக உள்ளது” என்று எழுதியிருக்கிறார்கள். கிடங்கின் முகவரி எங்கேயும் இல்லை. அவர்களுடைய இணையதளத்திலும் தேடினேன். வாசல் கண்ணாடிக் கதவின் படம் பெரிதாக இருக்கிறது, கிடங்கின் உட்புறப் படமும் இருக்கிறது, ஊர் பெயர்கூட இல்லை. என்னைச் சந்தேகப்பட வைப்பது இதுதான். ‘Suite 2847’ அவர்கள் வெளிப்படையாகப் பதிவுசெய்த ஒன்று. கிடங்கு அவர்கள் சொல்லாமல் விட்ட ஒன்று.

எனவே கோபமோ குற்றச்சாட்டோ இல்லாமல், வாங்குபவர் இயல்பாகக் கேட்கும் தொனியில் இப்படி எழுதுங்கள்: “சரக்கு ஏற்றும் நிறுவனத்திடம் கட்டணம் கேட்க வேண்டியிருக்கிறது. இயந்திரம் இப்போது நிற்கும் இடத்தின் முழு முகவரி, அங்கே பொறுப்பாளரின் பெயர், லாரி வந்து ஏற்றும் நேரம், இயந்திரத்தின் வரிசை எண் ஆகியவற்றைத் தெரிவியுங்கள். அடுத்த வாரம் எங்கள் சார்பில் ஒரு பரிசோதகர் அங்கே வந்து பார்ப்பார்.” மெய்நிகர் அலுவலகத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். அதைச் சொன்னால் அவர்கள் அதற்கு மட்டும் பதில் தயாரிப்பார்கள்.

பதில் எப்படி வருகிறது என்று கவனியுங்கள். நேர்மையான வியாபாரிக்கு இது தினமும் வரும் கேள்வி. ஓரிரு நாளில் முகவரி வந்துவிடும். கிடங்கு அவருடைய சொந்தமாக இருக்காமலும் போகலாம். பழைய இயந்திரத் தொழிலில், வேறோர் ஆலையின் தரையில் நிற்கும் இயந்திரத்தைத் தரகராக விற்பவர்கள் நிறைய உண்டு, அதில் தவறில்லை. ஆனால் அப்படியென்றால் ஆலையின் பெயரைச் சொல்லத் தயங்குவார்கள், நீங்கள் நேரடியாகப் போய்விடுவீர்களோ என்ற பயம். அந்தத் தயக்கத்தை மதித்து, பரிசோதகர் போகும் அன்று காலையில் முகவரி தந்தால் போதும் என்று விட்டுக்கொடுக்கலாம். பரிசோதனையே கூடாது, முன்பணம் வந்த பிறகுதான் முகவரி என்றால் விட்டுக்கொடுக்காதீர்கள்.

முகவரி வந்தால், முன்பு செய்த தேடலையே அதற்கும் செய்யுங்கள். வரைபடத்தின் தெருக்காட்சியில் அந்த இடத்தில் லாரி நுழையும் வாசல் இருக்கிறதா என்று பாருங்கள். படம் எடுத்த மாதமும் ஆண்டும் ஓரத்தில் இருக்கும், பழைய படமாக இருந்தால் அதை அதிகம் நம்ப வேண்டாம். அந்த முகவரியில் எந்த நிறுவனம் பதிவாகியிருக்கிறது என்று பார்த்து, அந்த நிறுவனத்தின் தொலைபேசி எண்ணை விற்பவரிடம் வாங்காமல் நீங்களே தேடி எடுத்து அழையுங்கள். “இன்ன வரிசை எண்ணுள்ள பொட்டல இயந்திரம் உங்களிடம் நிற்கிறதா? எங்கள் ஆள் பார்க்க வருகிறார்” என்று ஒரே கேள்வி. வரிசை எண் பொறித்த தகட்டின் படத்தையும் கேளுங்கள். அந்த எண்ணை இயந்திரம் தயாரித்தவரிடம் கொடுத்தால், அது எந்த ஆண்டு எந்த நாட்டுக்கு விற்கப்பட்டது என்று பல நேரங்களில் சொல்லிவிடுவார்கள். அதன் பிறகு பரிசோதகர். அவருக்கான கட்டணம் நாற்பது சதவீத முன்பணத்தின் முன்னால் மிகச் சிறியது.

பணம் அனுப்பும் கட்டம் வரை வந்தால், வங்கிக் கணக்கின் பெயர் பதிவகத்தில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். லண்டன் முகவரி, வேறொரு நாட்டில் கணக்கு, வேறொரு பெயர் என்று வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இன்றே அந்தக் கடிதத்தை அனுப்பிவிடுங்கள். பத்து நாள் பொறுங்கள். முகவரியும் வரிசை எண்ணும் கைக்கு வந்தால் எனக்கும் எழுதுங்கள். அடுத்த தேடலை நானே செய்து தருகிறேன். வராவிட்டால் அந்த இயந்திரத்தை மறந்துவிட்டு வேறொன்றைத் தேடத் தொடங்குங்கள்.